விடிய விடியக் கர்ண மோட்சம்: நுழைவுச்சீட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூத்து என்றைக்கு, எங்கே, எத்தனை மணிக்கு?

2026 பிப்ரவரி 7, சனிக்கிழமை இரவு, அதாவது தை 24 அன்று நடைபெறுகிறது. இடம் காஞ்சிபுரத்தில் ஓரிக்கை செல்லும் சாலையில், எங்கள் மன்றம் வழக்கமாக விழா நடத்தும் கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளக் கூடம். இரவு 8 மணிக்குக் கதவு திறக்கப்படும். 9 மணிக்கு மத்தளமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து களரி கட்டும். 9.30 மணி அளவில் கடவுள் வாழ்த்து முடிந்து கட்டியங்காரன் வந்துவிடுவார். ஞாயிறு காலை 5.30 மணியை ஒட்டி மங்களம் பாடி முடியும். இடையில் இடைவேளை கிடையாது.

கூத்தை ஊரில் எல்லோரும் இலவசமாகத்தானே பார்க்கிறோம்? இதற்கு ஏன் சீட்டு?

ஊரில் நடக்கும் கூத்தும் உண்மையில் இலவசமானது அல்ல. ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்குடன் முன்பணம் வைத்துக் கூத்துக் குழுவுக்குத் தேதி சொல்வார்கள்; அந்தப் பணம் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரியாக ஏற்கெனவே வசூலிக்கப்பட்டிருக்கும். வரி கொடுத்தவர்கள் பாயை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்கிறார்கள், அவ்வளவுதான். நகரத்தில் அப்படித் தலைக்கட்டு வரி வாங்க எங்களால் முடியாது. ஆகவே அதையே சீட்டாக அச்சிட்டிருக்கிறோம்.

கணக்கை மறைக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. கூடத்தில் உள்ள 360 இடங்களும் முழு விலையில் விற்றால் 90,000 ரூபாய் வரும். சிறுவர்களுக்கு அரை விலை என்பதால் அந்தத் தொகை முழுதாக வராது என்பதும் எங்களுக்குத் தெரியும். இதில் 45,000 ரூபாய் கூத்துக் குழுவுக்கு. சீட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் இந்தத் தொகை மாறாது என்று பேசியே அவர்களிடம் தாம்பூலம் கொடுத்தோம். வேடம் கட்டுவோர், பின்பாட்டுக்காரர்கள், வாத்தியக்காரர்கள் என்று 15 பேர் ஓர் இரவு முழுக்க உழைப்பதற்கு அது அதிகம் என்று சொல்பவர்கள், கிரீடமும் புஜக்கட்டையும் மார்க்கட்டையும் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்று பார்க்கலாம். மிச்சப் பணம் மண்டப வாடகை, பாய், ஒலி அமைப்பு, காவல், அச்சு, தேநீர் ஆகியவற்றுக்குச் சரியாகப் போய்விடும்.

என்னென்ன வகுப்பு, என்ன விலை?

முதலில் கூடத்தின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சினிமாக் கொட்டகையையோ கச்சேரி சபாவையோ மனத்தில் வைத்துக்கொண்டு இடம் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமாக இருக்கும். மண்டபத்தின் மணமேடையை நாங்கள் பயன்படுத்தப் போவதில்லை. கூத்து தரையில், கூடத்தின் நடுவே உள்ள களரியில் நடைபெறும். களரியின் பின்புறத்தில் வாத்தியக்காரர்களின் பெஞ்சு இருக்கும். மீதி மூன்று பக்கமும் பார்வையாளர்கள் அமர்வார்கள்.

களரியை ஒட்டி மூன்று பக்கமும் பாய் விரிக்கப்படும். அங்கே 120 பேர் உட்காரலாம். ஒருவருக்கு 200 ரூபாய். பாய்களுக்குப் பின்னால், களரிக்கு நேர் எதிரே 80 நாற்காலிகள். இவை நடு நாற்காலிகள், விலை 400 ரூபாய். இடமும் வலமுமாக 50, 50 என்று 100 பக்க நாற்காலிகள். விலை 250 ரூபாய். மாடி முகப்பில் 60 இடங்கள். விலை 150 ரூபாய்.

எங்களைக் கேட்டால், தரையில் உட்கார முடிந்தவர்கள் பாய்ச் சீட்டே வாங்க வேண்டும் என்போம். விலை இடைநிலையில் இருந்தாலும் இருப்பவற்றில் நல்ல இடம் அதுதான். முகத்தில் பூசிய அரிதாரத்தின் மேல் இழுத்த கோடுகளும், கல்யாண முருங்கைக் கட்டையில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியில் மின்னுவதும், வேகமாகச் சுழன்று கிறுக்கி ஆடும்போது பாவாடை காற்றை வீசுவதும் அங்கிருந்துதான் முழுமையாகக் கிடைக்கும். மாடியிலிருந்து பார்த்தால் ஆட்டத்தின் வட்டமும் அடவும் தெளிவாகத் தெரியும். ஆனால் முகம் தெரியாது. கிரீடத்தின் உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாத்தியம் பயில்பவர்களுக்கு வலப்பக்க நாற்காலிகள் ஏற்றவை, மத்தளக்காரரின் கைகள் அங்கிருந்து தடையின்றித் தெரியும்.

விலைக்கு மேல் வரி, கட்டணம் என்று எதுவும் வருமா?

வராது. சீட்டில் அச்சிட்ட தொகையே நீங்கள் தர வேண்டிய முழுத் தொகை. நாடகம், நடனம், இசை போன்ற நிகழ்ச்சிகளுக்கு ஒருவரின் நுழைவுக் கட்டணம் 500 ரூபாய்க்கு மேற்படாதவரை ஜி.எஸ்.டி.யிலிருந்து விலக்கு உண்டு. நம் சீட்டுகள் எல்லாமே அந்த வரம்புக்குள் இருக்கின்றன. 750 ரூபாய்க்கு ‘சிறப்பு வகுப்பு’ ஒன்று வைக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அந்தச் சீட்டுக்கு மட்டும் தனியாக வரிக் கணக்கு எழுத வேண்டியிருக்கும் என்பதாலும், களரிக்கு முன்னால் சோபா போட்டால் பாயில் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதாலும் அது கைவிடப்பட்டது.

இருக்கை எண் உண்டா? முன்னால் வந்தவருக்கு முன்னிடமா?

நாற்காலிகளுக்கும் மாடி இடங்களுக்கும் எண் உண்டு. அந்த எண் விடியும்வரை உங்களுடையது. பாய்க்கு எண் கிடையாது. இடம், நடு, வலம் என்று பகுதி மட்டுமே சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பகுதிக்குள் முன்னால் வந்தவர் முன்னால் உட்காரலாம். துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு வெளியே செல்வதை 9 மணிவரை பொறுத்துக்கொள்வோம். அதன் பிறகு ஆளில்லாத துண்டு மடித்து ஓரமாக வைக்கப்படும்.

பின்னிரவு 2 மணிக்கு மேல் நாற்காலிகள் காலியாகத் தொடங்கும் என்பது அனுபவத்தில் கண்டது. அப்போது மாடியில் இருப்பவர்கள் இறங்கி வந்து காலி நாற்காலியில் அமரலாம், தொண்டர்கள் தடுக்க மாட்டார்கள். ஆனால் இடத்துக்கு உரியவர் திரும்பி வந்தால் பேச்சில்லாமல் எழுந்துவிட வேண்டும்.

சீட்டு எங்கே, எப்போது கிடைக்கும்? போனில் சொல்லி வைக்கலாமா?

ஜனவரி 10 முதல் பிப்ரவரி 5 வரை, நாள்தோறும் மாலை 5 மணி முதல் 8 மணி வரை மண்டப வாசலில் போட்டிருக்கும் விற்பனை மேசையில் கிடைக்கும். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் ஆகிய மூன்று நாள்களும் (ஜனவரி 15, 16, 17) மேசை இராது. ரொக்கமாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ பணம் தரலாம்.

தொலைபேசியில் இடம் ஒதுக்குவதில்லை. பணம் அனுப்பியதற்கான திரைப்பிடிப்பைக் கைப்பேசியில் காட்டினால் அது சீட்டாகாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் வந்ததை மட்டும்தான் அந்தப் படம் காட்டும். எந்த வகுப்பு, எத்தனை பேர், எந்த நாற்காலி என்பது அதில் இருக்காது. ஒரே படத்தை நால்வர் நான்கு கைப்பேசிகளில் காட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது யாரை உள்ளே விடுவது என்று தொண்டருக்குத் தெரியாது. எனவே யு.பி.ஐ.யில் பணம் தந்தாலும் மேசையிலேயே அச்சிட்ட சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வரிசை எண் இரண்டு இடங்களில் அச்சாகியிருக்கிறதா, மன்றத்தின் முத்திரை சீட்டுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே பாதிப் பாதியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வாசலில் சந்தேகம் எழுந்தால், அந்த அரை முத்திரை அடிக்கட்டையோடு பொருந்துகிறதா என்பதைத்தான் பார்ப்போம்.

மிச்சச் சீட்டு இருந்தால், நிகழ்ச்சி அன்று இரவு 8 மணி முதல் 9.30 வரை அதே விலையில் விற்கப்படும். அதற்குப் பின் விற்பனை இல்லை.

குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டுமா?

5 வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். மடியிலோ பாயில் உங்கள் பக்கத்திலோ இருக்கலாம். தனி நாற்காலி வேண்டுமென்றால் அரை விலை தர வேண்டும். 5 முதல் 12 வயதுவரை அரை விலை. 12 வயதுக்கு மேல் முழு விலை. மாடி முகப்பின் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருப்பதால், 12 வயதுக்கு உட்பட்டவர்களை மாடியில் அனுமதிப்பதில்லை. பெற்றோர் உடன் இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

கர்ண மோட்சத்தைக் கருமாதியில்தானே ஆடுவார்கள்? மண்டபத்தில் வைத்து ஆடலாமா, பிள்ளைகளை அழைத்து வரலாமா?

இந்தக் கேள்வியை மேசைக்கு வருபவர்களில் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், தயங்க வேண்டியதில்லை. வட மாவட்டங்களில் ஒருவர் இறந்த பின் கருமாதி இரவில் இந்தக் கூத்தை வைக்கும் வழக்கம் உண்மையாகவே உண்டு. கர்ணன் தன் புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கொடுத்து மோட்சம் அடைவதைப் போல இறந்தவரும் நற்கதி அடைய வேண்டும் என்பது அதன் எண்ணம். ஆனால் இது கருமாதிக்கு மட்டுமே உரிய கூத்து அன்று. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாள்களிலும், பதினெட்டாம் நாள் போருக்கு முன்னால், கர்ணன் போர் ஆடப்படுவது வழக்கம்தான். நம் மண்டபத்தில் நடப்பது ஆட்டம் மட்டுமே. சாவுச் சடங்கு எதுவும் இதனுடன் சேரவில்லை. யாருடைய பெயரும் படமும் வைக்கப்படாது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, கட்டியங்காரனின் பேச்சில் சில இடங்கள் கொச்சையாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கூத்தில் அது பரம்பரையாக வருவது. வெட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

இரவு முழுக்க உட்கார முடியாது. எந்த நேரத்துக்கு வந்தால் முக்கியமான கட்டம் கிடைக்கும்?

கடிகாரம் பார்த்து ஆடும் கலை அன்று இது என்பதால் துல்லியமாகச் சொல்ல இயலாது. குழுவின் வாத்தியாருடன் பேசியதில் கிடைத்த தோராயமான கணக்கு இது: நள்ளிரவை ஒட்டிக் கர்ணனின் திரை வருகை. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் கிரீடத்தின் நுனியும் சலங்கை ஒலியும் மட்டும் வந்துகொண்டிருக்க, பாட்டிலேயே கர்ணன் தன்னை அறிவித்துக்கொள்ளும் கட்டம் அது. பின்னிரவு 1.30 மணிக்கு மேல் பொன்னுருவியின் தர்க்கம். போருக்கு விடைபெற வரும் கணவனை, குலம் தெரியாதவன் என்று பொன்னுருவி இடித்துப் பேசுவதும், அவன் தன் பிறப்பைச் சொல்வதும் பாட்டும் வசனமுமாக ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்கும். தர்க்கத்தில் தேர்ந்த இருவர் கிடைத்துவிட்டால் நேரம் இன்னும் நீளும். சல்லியன் தேரோட்டுவது, அர்ச்சுனனோடு போர், கண்ணன் முதிய அந்தணராக வந்து புண்ணியத்தை யாசிப்பது ஆகியவை 4 மணிக்கு மேல் நடைபெறும்.

ஒரு கட்டத்துக்கு மட்டும் வருவதென்றால், பொன்னுருவி தர்க்கத்துக்கு விழித்திருங்கள் என்பது எங்கள் கருத்து. ஆனால் அதற்கு 1 மணிக்கு வந்து கதவைத் தட்ட முடியாது. அடுத்த பதிலைப் படியுங்கள்.

தாமதமாக வந்தால் உள்ளே விடுவீர்களா? கதவை ஏன் மூடுகிறீர்கள்?

முதல் நுழைவுக்குக் கடைசி நேரம் இரவு 11.30. அதற்குப் பின் முதல்முறையாக வருபவரை, கையில் சீட்டு இருந்தாலும் அனுமதிக்க இயலாது. இதை எங்கள் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியோ வாத்தியமோ கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின் கட்டளை. அரங்கம், சமுதாயக் கூடம், விருந்துக் கூடம் போன்ற மூடிய இடத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி பயன்படுத்துவதற்கு அந்த விதியே விலக்கு அளிக்கிறது. விடிய விடியக் கூத்து நடத்த வேண்டும் என்பதால்தான் திடலை விட்டுவிட்டு இந்தக் கூடத்தை எடுத்தோம். கதவு திறந்தே கிடந்தால் ‘மூடிய இடம்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. மண்டபத்துக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர்களும் உறங்க வேண்டும்.

ஆகவே 10 மணிக்கு மேல் வெளிக்கதவு, உட்கதவு என இரண்டு கதவுகளும் மூடியிருக்கும். 10 முதல் 11.30 வரை வருபவர்களை வெளிக்கதவைத் தாண்டி வாயில் அறையில் அமர வைத்துவிட்டு, உள்ளே கட்டியங்காரன் பேசும் இடம் வந்ததும் உட்கதவைத் திறந்து அனுப்புவோம். திரை வருகை நடக்கும்போதோ, தர்க்கத்திலோ, கிறுக்கி ஆடும்போதோ கதவு திறக்கப்படாது. களரிக்கு வருகிற வழியும் பார்வையாளர்கள் வருகிற வழியும் ஓரிடத்தில் குறுக்கிடுவது இந்தக் கூடத்தின் குறை. வேடக்காரர் ஓடி வரும் நேரத்தில் நீங்கள் அங்கே செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றால் இருவருக்கும் அடிபடும். சில சமயம் 20 நிமிடம்வரை காத்திருக்க நேரலாம்.

வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாமா?

எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். முதலில் நுழையும்போது சீட்டைக் கிழித்து ஒரு பாதியை வாங்கிக்கொண்டு, மணிக்கட்டில் ஒரு துணிப் பட்டை கட்டுவோம். பாய்க்கு மஞ்சள், நாற்காலிக்குச் சிவப்பு, மாடிக்குப் பச்சை. பட்டை கையில் இருந்தால் 11.30க்குப் பின்னரும் திரும்பி வரலாம். கட்டியங்காரனுக்காகக் காத்திருக்கும் விதி மட்டும் பொருந்தும். ஆக, பொன்னுருவியை மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் 11.30க்குள் ஒருமுறை வந்து பட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டு 1.15க்குத் திரும்பலாம். பட்டையைக் கழற்றினால் முடிச்சு அறுந்துவிடும். அறுந்த பட்டையையும் இன்னொருவர் கையில் கட்டிய பட்டையையும் ஏற்கமாட்டோம்.

நாங்கள் ஆறு பேர். முழங்கால் வலி உள்ள தாத்தா, 9 வயதுப் பெண், 3 வயதுப் பையன் எல்லோரும் உண்டு. தம்பி சென்னையிலிருந்து தாமதமாக வருவான். எந்தச் சீட்டு வாங்குவது?

இந்தக் கேள்வி மேசையில் கேட்கப்பட்டது. அங்கே போட்டுக் கொடுத்த கணக்கையே இங்கே தருகிறோம், ஏனெனில் பெரும்பாலான குடும்பங்கள் இப்படித்தான் வருகின்றன.

ஆறு பேருக்கும் ஒரே வரிசையில் நாற்காலி வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றும். நடு நாற்காலி என்றால் பெரியவர்கள் நால்வருக்கு 1,600, பெண்ணுக்கு 200, பையன் மடியில் என மொத்தம் 1,800 ரூபாய் ஆகும். ஆனால் 3 வயதுக் குழந்தை நாற்காலியில் மடியில் இரவு முழுக்க இருக்காது. 11 மணிக்குத் தூங்கிவிடும். பிறகு தாயின் கைதான் தொட்டிலாக இருக்கும். தாத்தாவுக்கோ கழிப்பறைக்கு அடிக்கடி எழுந்து போக வேண்டும். நடு வரிசையில் அது எளிதன்று.

எனவே தாத்தாவுக்கும் அவருடன் பாட்டுகளைக் கூடவே பாடி ரசிக்கும் மருமகனுக்கும் இடப்பக்க நாற்காலியில் வரிசை ஓரத்து இரண்டு இடங்கள் கொடுத்தோம். கழிப்பறை வழி அந்தப் பக்கம்தான். அதற்கு 500 ரூபாய். அவர்களுக்கு நேர் முன்னால், பாயின் இடப்பகுதியில் தாய்க்கு 200, பெண்ணுக்கு 100, பையனுக்கு ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து வரும் தம்பிக்கும் பாயில் 200. மொத்தம் 1,000 ரூபாய். தாத்தா கையை நீட்டினால் பேத்தியின் தோளைத் தொடலாம், அவ்வளவு அருகில்தான் எல்லோரும் இருப்பார்கள்.

தம்பியின் சீட்டை வாசல் மேசையில் உறையிலிட்டு, உறையின் மேல் அவர் பெயரையும் சீட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் அடையாள அட்டையைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். அவர் 11.30க்குள் வந்துவிட வேண்டும் என்பதை மட்டும் குடும்பத்தார் அவரிடம் சொல்லிவிட வேண்டும். பேருந்து தாமதம் என்பதற்காக நேரத்தைத் தளர்த்த இயலாது.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வழி உண்டா?

வலப்பக்க வாசலில் சாய்தளம் இருக்கிறது. பக்க நாற்காலி வரிசையின் முன்னோரத்தில் நான்கு இடங்களைச் சக்கர நாற்காலிகளுக்கென்று விட்டிருக்கிறோம். கட்டணம் 250 ரூபாய். உடன் வருபவர் ஒருவருக்கு அரை விலை. நான்கே இடங்கள் என்பதால் ஜனவரிக்குள் வாங்கிவிடுவது நல்லது.

தூக்கம் வந்தால்?

தாராளமாகத் தூங்கலாம். கூத்துப் பார்க்கப் போய்த் தூங்காதவர் யார்? பாயின் கடைசி இரண்டு வரிசைகளில் படுத்துக்கொள்ளலாம். களரியை ஒட்டிய முன்வரிசையில் காலை நீட்டிப் படுப்பதற்கு மட்டும் அனுமதியில்லை. வேடக்காரரின் கால் சலங்கை உங்கள் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் சுழன்றுகொண்டிருக்கும். ‘தைப் பனி தரையைத் துளைக்கும்’ என்பார்கள். கூடத்துக்குள் இருந்தாலும் பளிங்குத் தரை பின்னிரவில் சில்லென்று ஆகிவிடும். பாய்ச் சீட்டு வாங்கியவர்கள் ஆளுக்கொரு போர்வை கொண்டு வாருங்கள். தலையணைக்கும் தடையில்லை.

சாப்பாடு, தேநீர்?

கூடத்துக்குள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொண்டுவர அனுமதியில்லை. மண்டபத்தின் பின்கட்டில் உள்ள பந்திக் கூடத்தில் இரவு 12 மணிக்கும் 3 மணிக்கும் சுக்குக் காப்பியும் தேநீரும் பட்டை கட்டிய எல்லோருக்கும் கட்டணமின்றித் தரப்படும். வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு வந்தால் அங்கேயே வைத்துச் சாப்பிடலாம். மது அருந்திவிட்டு வருபவருக்கு அனுமதி மறுக்கப்படும். அவருக்குச் சீட்டுப் பணம் திரும்பாது.

படம், வீடியோ எடுக்கலாமா?

பளிச்சொளி இல்லாமல் நிழற்படம் எடுக்கலாம். வீடியோ எடுக்கக் கூடாது என்பது கூத்துக் குழுவினர் வைத்த நிபந்தனை. முழு இரவும் இணையத்தில் ஏறிவிட்டால் அடுத்த ஊர்க்காரர் தாம்பூலம் வைக்க வருவாரா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதைவிட உடனடியான தொல்லை, இருட்டில் கைப்பேசித் திரையின் வெளிச்சம் பின்னால் இருப்பவர் கண்ணில் அடிப்பது. வேடம் கட்டும் அறைக்குள் யாருக்கும் அனுமதியில்லை. மாலை 6 முதல் 7 மணிவரை அறையின் சன்னல் திறந்திருக்கும். முகம் எழுதுவதைச் சன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். அதற்குச் சீட்டும் வேண்டாம்.

வேடக்காரருக்கு அன்பளிப்புக் கொடுக்க வேண்டும். களரிக்குப் போகலாமா?

களரிக்குள் இறங்க வேண்டாம், உடையில் பணத்தைக் குத்தவும் வேண்டாம். மஞ்சள் துண்டு கட்டிய தொண்டரிடம் தொகையையும் பெயரையும் கொடுத்தால் போதும். கட்டியங்காரன் தம் பேச்சுக்கு நடுவே வழக்கம்போல அறிவிப்பார். அந்தப் பணம் முழுவதும் குழுவுக்கே போகும். மன்றக் கணக்கில் சேராது. கர்ணன் உயிர்விடும் கட்டத்தில் வரும் அன்பளிப்புகளை மங்களத்துக்குப் பின்தான் அறிவிக்க வேண்டும் என்று இம்முறை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

வர முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா? நிகழ்ச்சியே நின்றுபோனால்?

பிப்ரவரி 4 இரவு 8 மணிக்குள் சீட்டை மேசையில் திருப்பிக் கொடுத்தால், ஒரு சீட்டுக்கு 20 ரூபாய் கழித்துக்கொண்டு மீதியைத் தருவோம். அதற்குப் பின் பணம் திரும்பாது. ஆனால் சீட்டை வேறொருவருக்குக் கொடுக்கலாம். சீட்டில் பெயர் இல்லாததால் அதற்கு எங்கள் அனுமதி வேண்டியதில்லை. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது தெரியவந்தால் அந்த எண்ணை ரத்து செய்வோம். வாங்கியவருக்குத்தான் நட்டம் என்பதால், வெளியாளிடம் வாங்குவோர் கவனமாக இருக்க வேண்டும்.

நிகழ்ச்சி தள்ளிப்போனால் அதே சீட்டு புதிய தேதிக்கும் செல்லும். வேண்டாதவர்களுக்கு முழுத் தொகையும் திரும்பத் தரப்படும். நின்றுபோனாலும் முழுத் தொகை திரும்பும். வேடக்காரர் ஒருவருக்கு உடல்நலம் இல்லை என்பதற்காகக் கூத்து நிற்காது. ஒரு வேடத்துக்கு இருவராவது தயாராக இருக்கும் குழு இது. ‘நான் பார்க்க வந்த கர்ணன் வேறொருவர்’ என்ற காரணத்துக்காகப் பணம் திருப்பித் தர இயலாது.

வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா?

இரு சக்கர வண்டிகளுக்கு மட்டும் மண்டப வளாகத்தில் இடம் உண்டு, கட்டணம் இல்லை. கார்களைச் சாலையோரத்தில் நிறுத்தினால் அதிகாலையில் பால் வண்டிகளுக்கு இடைஞ்சலாகிறது. கூடியவரை ஆட்டோவிலோ பேருந்திலோ வாருங்கள்.

சீட்டைத் தொலைத்துவிட்டேன். என்ன செய்வது?

நாற்காலி, மாடிச் சீட்டு என்றால் இருக்கை எண்ணைச் சொல்லுங்கள். விற்பனைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே உங்கள் பெயரும் கையொப்பமும் இருந்தால், பழைய சீட்டை ரத்து செய்துவிட்டு 10 ரூபாய்க்கு மாற்றுச் சீட்டு தருவோம். வாங்கும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்வது இதற்காகத்தான். பாய்ச் சீட்டுக்கு இருக்கை எண் கிடையாது என்பதால் மாற்றுச் சீட்டும் கிடையாது. அதை வாங்கியதும் பத்திரப்படுத்துங்கள். தண்ணீர் பட்டால் முத்திரை கலைந்துவிடும் என்பதால், சட்டைப் பையிலேயே விட்டுத் துவைக்கப் போட்டுவிடாதீர்கள்.